வரியிறுதிக் கோடு

ஐதராபாத்தில் மொழியியல் பயிலும் ஆய்வு மாணவி ஒருவர், சென்ற பருவத்தின் முடிவில் தம் ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து நான்கு பக்கங்களை நீக்கினார். அவை மோசமாக எழுதப்பட்ட பக்கங்கள் அல்ல. இயலிலேயே சுவையான பகுதி அதுதான் என்று படித்த நண்பர்கள் கூறியிருந்தனர். ஆனால் அந்நான்கு பக்கங்களும் பேசிய பொருள் நூலில் இல்லை. அது அவர் கைபேசியில் எடுத்த படங்களுக்கும் அவர் எழுதிய ஒற்றை வரி நிரலுக்கும் இடையே பிறந்த ஒன்று.

கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. அந்த நூற்றாண்டில் தென்னிந்திய மொழிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இலக்கணங்கள் வேறு பலவும் உண்டு. அத்தகைய நூல்களுள் ஒன்றே மாணவியின் ஆய்வுக்குரியது. தமிழ்ச் சொற்கள் அதில் உரோம எழுத்தில், சாய்வெழுத்தாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பகுதி எங்கே முடிகிறது, சாரியை எது, உருபு எது என்பதை இணைப்புக்கோட்டால் பிரித்துக் காட்டுவது ஆசிரியரின் வழக்கம். 'அவனுக்கு' என்னும் சொல்லை `avan-u-kku` என்று பிரித்தால், உகரம் சாரியை, உருபு கு, ககரம் இரட்டித்தது என்பது பொருள். `avan-ukku` என்று பிரித்தால் உருபே 'உக்கு' என்றாகிவிடும். `avanu-kku` என்றாலோ உகரம் பெயரடியின் பக்கம் சேர்ந்துவிடும். ஒரு சிறு கோடு இடம் மாறினால் கோட்பாடே மாறும் நூல் அது. மாணவியின் ஆய்வும் அந்தக் கோடுகளைப் பற்றியதுதான்: நான்காம் வேற்றுமையை ஆசிரியர் எங்கெங்கே எப்படிப் பிரித்தார் என்பதே அவர் கேள்வி.

நூலகத்தில் அந்நூலை நகலெடுக்கும் இயந்திரத்தில் வைக்க அனுமதியில்லை. தாள் முறியும் நிலையில் இருந்தது. ஆகவே ஏறத்தாழ முந்நூறு பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து, எழுத்துணரி மென்பொருளில் இட்டு உரையாக்கினார். உரை வரிவரியாக வந்தது. அதைத் தொடர்ச்சியான உரையாக்க, பலரும் செய்வதையே அவரும் செய்தார்:

```
text = re.sub(r"-\n", "", text)
text = text.replace("\n", " ")
```

வரியிறுதியில் கோடு வந்தால் கோட்டை நீக்கி இரு துண்டுகளையும் ஒட்டு. மற்ற வரி முறிவுகளை இடைவெளியாக்கு. இவ்வளவே. நாவலுக்கோ செய்தித்தாளுக்கோ இது பெரும்பாலும் போதும். `gram-` என்று முடிந்து `mar` என்று தொடங்கும் இடம் `grammar` ஆகிவிடும்.

பின்னர் எண்ணிப் பார்த்தபோது ஒரே சொல் மூன்று விதமாகப் பிரிக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்தது. பெரும்பான்மை `avan-u-kku`, ஆனால் ஆங்காங்கே `avanu-kku`, `avan-ukku` என்பனவும் இருந்தன. பிற பெயர்களிலும் இதே நிலை. உகரத்தின் இடம் குறித்து ஆசிரியருக்கே உறுதியில்லை, நூல் முழுதும் அவர் தடுமாறுகிறார் என்று மாணவி வாதிட்டார். கவர்ச்சியான வாதம்தான், 'உக்கு' என்பதை உருபாகக் கொள்ளலாமா என்பது பின்வந்த மொழியியலாரும் பேசிய செய்தி என்பதால் அது பொருந்தியும் வந்தது.

நெறியாளர் வரைவைப் படித்துவிட்டு ஒன்றே கேட்டார்: "அம்மா, தடுமாற்றம் தெரியும் இடங்களின் படங்களை மட்டும் எனக்குக் காட்டுகிறீர்களா?"

பதினான்கு இடங்கள். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தபோது பதின்மூன்று இடங்களில் அச்சொல் வரியின் முடிவில் முறிந்திருந்தது. வரி `avan-` என்று முடிந்து அடுத்தது `u-kku` என்று தொடங்கிய இடத்தில், நிரல் கோட்டை அழித்து `avanu-kku` ஆக்கியிருந்தது. `avan-u-` என்று முடிந்து `kku` என்று தொடங்கிய இடம் `avan-ukku` ஆகியிருந்தது. அச்சுக்கோப்பவர் ஆசிரியரின் கோட்டிலேயே சொல்லை முறித்திருக்கிறார். அது அவருக்கு இயல்பான இடம். ஏற்கெனவே கோடு இருக்கும் இடத்தில் முறித்தால் புதுக்கோடு தேவையில்லை. ஆகவே ஒரே கோடு இரு வேலைகளைச் செய்தது. நிரல் அதை அச்சுக்கோப்பவரின் கோடாக மட்டும் எண்ணி நீக்கிவிட்டது. எஞ்சிய ஓர் இடத்தில் மட்டுமே வரியின் நடுவிலேயே `avan-ukku` என்றிருந்தது. ஒற்றைச் சான்றைக் கொண்டு ஓர் ஆசிரியரின் ஐயத்தை நிறுவ முடியாது. அது அச்சுப்பிழையாகவும் இருக்கலாம்.

இதன் பிறகே மாணவி, வரியிறுதிக் கோடு என்பது ஒரே குறியல்ல என்பதை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். அவர் நூலில் அது மூன்று பேருடைய கோடு. ஒன்று, இடம் போதாமையால் அச்சுக்கோப்பவர் இட்டது; நீக்கவேண்டியது. இரண்டு, சொல்லுக்கே உரியது: அக்கால ஆங்கிலத்தில் `to-day` என்று எழுதுவதே வழக்கம், அது வரியிறுதியில் முறிந்தாலும் கோடு நிற்கவேண்டும். மூன்று, இலக்கணம் பிரிக்கும் ஆசிரியருடையது. மூன்றும் தாளில் ஒரே அளவு, ஒரே வடிவம். படத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் வேறுபாடு தெரியாது. நான்காவதாக ஒரு போலியும் உண்டு: வரியின் முடிவில் வரும் நெடுங்கோட்டை எழுத்துணரி சிறுகோடாகப் படித்துவிட, தொடர்பில்லாத இரு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிப்பது எளிது; பிறக்கும் சொல் எந்த அகராதியிலும் இராது.

குறியில் விடை இல்லையென்றால், நூலின் பிற பக்கங்களில் தேடவேண்டும். ஒரு சொல் வரியின் நடுவில் வரும்போது ஆசிரியரும் அச்சகமும் அதை எப்படி எழுதுகின்றனர் என்பதே நம்பத்தக்க சான்று. எனவே ஒவ்வொரு வரியிலும் முதற்சொல்லையும் இறுதிச்சொல்லையும் விலக்கி, எஞ்சியவற்றை மட்டும் கொண்டு நூலுக்கென ஒரு சொற்பட்டியல் செய்தார். விலக்குவதற்குக் காரணம் உண்டு: வரியின் விளிம்புகளில் இருப்பவை முழுச்சொற்களா துண்டுகளா என்பதுதானே கேள்வி, அவற்றையே சான்றாகச் சேர்த்தால் `mar` என்பதும் ஒரு சொல்லாகப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு ஒட்டும் வேலை இப்படி மாறியது:

```
def join(a, b):          # a = "gram-", b = "mar"
    plain, hyph = a[:-1] + b, a + b
    if plain in mid and hyph not in mid:
        return plain
    if hyph in mid and plain not in mid:
        return hyph
    return a + "*" + b
```

கோடற்ற வடிவம் மட்டும் வரி நடுவில் காணப்பட்டால் கோட்டை நீக்கு. கோடுள்ள வடிவம் மட்டும் காணப்பட்டால் வைத்துக்கொள். இரண்டும் இருந்தாலோ இரண்டும் இல்லாவிட்டாலோ, `gram-*mar` என்று உடுக்குறியிட்டு விட்டுவிடு. ஐயத்துக்கு உடுக்குறியிடும் இம்முறை மாணவியின் கண்டுபிடிப்பன்று. பழைய நூல்களைக் கூட்டாக மெய்ப்புப் பார்க்கும் 'டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ்' தன்னார்வலர்கள், தீர்மானிக்க இயலாத வரியிறுதிக் கோட்டை இப்படித்தான் குறிக்கிறார்கள். பட்டியலில் தேடும் முன் துண்டின் பின்னுள்ள காற்புள்ளி முற்றுப்புள்ளிகளைக் கழற்றவேண்டும் என்பதை முதல் முறை மறந்து, உடுக்குறிகள் பெருகியதும் தெரிந்துகொண்டார்.

ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதியை இது தீர்த்துவிட்டது. இரு வடிவமும் முறையான சொற்களாக இருப்பவை அரிதாகவே வந்தன: `recover` என்பது மீளப்பெறுதல், `re-cover` என்பது மறுபடி மூடுதல். அவற்றுக்கு வாக்கியத்தைப் படித்தே முடிவு செய்யவேண்டும். உரோம எழுத்திலிருந்த தமிழ்ச் சொற்களுக்கோ, நிரல் பெரிதும் உதவவில்லை. `avan-u-kku` போலப் பலமுறை வருபவை தீர்ந்தன. ஒருமுறை மட்டும் வந்து அதுவும் வரியிறுதியில் முறிந்த சொல்லுக்கு நடுவரிச் சான்று எங்கிருந்து வரும்? அத்தகையவற்றை மாணவி உடுக்குறியோடே விட்டு, எண்ணிக்கையில் தனி வரிசையாகக் காட்டினார். அவற்றை ஒத்த பிற சொற்களைப் பார்த்து ஊகிக்கலாம்தான். ஆனால் ஆசிரியர் ஒரே சீராகப் பிரிக்கிறாரா என்பதைச் சோதிக்கும் ஆய்வில், சீராகப் பிரிப்பார் என்று கொண்டு இடங்களை நிரப்புவது விடையையே வினாவுக்குள் வைப்பதாகும். இதில் அவர் காட்டிய கண்டிப்பு சரியானது.

இவ்வளவோடு முடிந்திருக்கவேண்டும். புதிய எண்ணிக்கையைப் பக்கவாரியாகப் பார்த்தபோது வேறொரு விந்தை தென்பட்டது. கோட்டால் பிரித்த வடிவங்கள் ஒற்றைப்படைப் பக்கங்களில் மிகுதியாகவும் இரட்டைப்படைப் பக்கங்களில் குறைவாகவும் இருந்தன. இரண்டொரு இயல்களில் அல்ல, நூல் முழுதும். "நான்காம் வேற்றுமைக்குப் பக்க எண் தெரியாதே, அம்மா" என்றார் நெறியாளர்.

காரணம் நூலின் உடலில் இருந்தது. விரித்த நூலில் இரட்டைப்படைப் பக்கம் இடப்புறம் அமையும். அதன் வரிகள் முடிவது தையலை ஒட்டிய நடுப்பள்ளத்தில். ஒற்றைப்படைப் பக்கத்தின் வரிகள் வெளி விளிம்பில் முடியும். கட்டு இறுகிய பழைய நூலை மேலிருந்து படமெடுத்தால், நடுப்பள்ளத்தில் தாள் வளைந்து, எழுத்துகள் நெருங்கி, நிழலும் விழும். அங்கே முதலில் காணாமற்போவது மெல்லிய சிறுகோடுதான். எழுத்துணரி `avan-` என்பதை `avan` என்று படித்துவிடும். அடுத்த வரியின் `u-kku` தனிச்சொல்லாக நிற்கும். கோடே இல்லாத இடத்தில் கோட்டைத் தேடும் எந்த நிரலும் இதைக் காணாது. தவறாக ஒட்டியதையாவது சொற்பட்டியலில் பார்க்கலாம். ஒட்டாமல் விட்டது ஓசையின்றி எண்ணிக்கையிலிருந்து நழுவிவிடுகிறது.

தொலைந்த கோட்டைத் தேட இரு தடயங்கள் உண்டு. முதலாவது சொல்லிலிருந்து: வரியின் இறுதிச் சொல்லையும் அடுத்த வரியின் முதற்சொல்லையும் எடுத்து, அவற்றுள் ஒன்றேனும் பட்டியலில் இல்லாமல், இரண்டையும் சேர்த்த வடிவம் இருந்தால் ஐயப்படலாம். இரு துண்டுகளும் தனித்தனியே முழுச்சொற்களாக இருந்தால் இது ஏமாற்றும். `for` என்று முடிந்து `give` என்று தொடங்குவது ஒரு சொல்லா இரண்டா என்பதை வாக்கியம்தான் கூறும்.

இரண்டாவது தடயம் இடத்திலிருந்து. இந்நூல்களில் வரிகள் இருபுறமும் சமன் செய்து கோக்கப்பட்டவை; பத்தியின் கடைசி வரி தவிர மற்றவை வலப்புறத்தில் ஒரே கோட்டில் முடியவேண்டும். கோடு தொலைந்த வரியில் இறுதி எழுத்து அக்கோட்டை எட்டாமல், சரியாக ஒரு சிறுகோட்டின் அகலத்துக்கு முன்பே நின்றுவிடும். எழுத்துணரியிடம் வெறும் உரையைக் கேட்காமல், சொற்களின் இருப்பிடத்தோடு கேட்டால் இதை அளக்கலாம்:

```
tesseract p112.jpg p112 -l eng tsv
```

இதன் விடையில் ஒவ்வொரு சொல்லுக்கும் `left`, `width` என்னும் அளவுகள் வரும். இரண்டையும் கூட்டினால் சொல்லின் வலவிளிம்பு. வளைந்த தாளில் வலவிளிம்பே கோணுவதால், பக்கம் முழுமைக்கும் ஒரே எல்லை வைத்து ஒப்பிடக்கூடாது. மேலும் கீழும் உள்ள இரண்டிரண்டு வரிகளோடு ஒப்பிடவேண்டும். காற்புள்ளி தொலைந்தாலும் இதே குறி தோன்றும். ஆகவே இதுவும் தீர்ப்பன்று. படத்தைத் திறந்து பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் மட்டுமே.

பட்டியல் நீண்டபோது, இடப்பக்கங்கள் அனைத்தையும் மீண்டும் படமெடுப்பதே எளிது என்று மாணவி முடிவு செய்தார். இம்முறை நூலை முழுவதும் விரிக்கவில்லை. ஏறத்தாழச் செங்கோண அளவுக்கு மட்டும் திறந்து, வலப்பாதியைத் தாங்கலில் சாய்த்து, எடுக்கவேண்டிய பக்கம் மட்டும் மேசைமேல் தட்டையாகப் படியவைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எடுத்தார். நூலின் முதுகுக்கும் இதுவே நல்லது. இரண்டு பிற்பகல்கள் ஆயின. இரட்டைப்படைக்கும் ஒற்றைப்படைக்கும் இடையிலிருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. முதல் முறையே இப்படி எடுத்திருந்தால் என்று அவர் வருந்தியதாகக் கேள்வி. ஆனால் பக்கவாரி எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தது இதனால்தான்.

வரிகள் இணைந்தபின் பத்திகள். இங்கே வரிசை முக்கியம்: பக்கத்தின் மேலும் கீழும் இருக்கும் புறம்பானவற்றை நீக்கிய பிறகே வரியிறுதிகளை ஒட்டவேண்டும், ஒட்டிய பிறகே பத்திகளை அமைக்கவேண்டும். முறை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு, அந்நூலின் அமைப்பில் செய்த ஓர் எடுத்துக்காட்டு:

```
and hence the vowel u is in-
* See the section on case.
                P
210          THE NOUN.
serted for the sake of sound;
```

முதல் வரியின் `in-` என்பதற்குரிய மறுபாதி ஐந்தாம் வரியில் இருக்கிறது. இடையே ஓர் அடிக்குறிப்பு, அடுத்த பக்கத்தின் எண், தொடர்தலைப்பு. நடுவில் தனித்து நிற்கும் `P` எழுத்துணரியின் பிழையென்று மாணவி முதலில் எண்ணினார். அது அச்சுத்தாளின் அடையாள எழுத்து. பெரிய தாளை மடித்துப் பதினாறு பக்கங்களாக்கும் எண்மடி நூல்களில், ஒவ்வொரு மடிப்பின் முதற்பக்க அடியிலும் கட்டுவோர் வரிசை அறிவதற்காக ஓர் எழுத்து இடுவர். முகப்புப் பகுதிக்கு முதலெழுத்தை ஒதுக்கி, நூலின் முதற்பக்கத்தில் `B` எனத் தொடங்குவது ஆங்கில அச்சகங்களின் பொது வழக்கம். `J`, `V`, `W` மூன்றும் அவ்வரிசையில் இடம்பெறா. ஆகவே `B` முதலாம் பக்கம், `C` 17, `D` 33 என்று எண்ணிக்கொண்டு போனால் `P` சரியாக 209இல் வரும். இக்கணக்கு தெரிந்தால் அவ்வெழுத்துகள் எந்தெந்தப் பக்கங்களில் வாக்கியத்துக்குள் நுழைந்திருக்கும் என்பதை முன்கூட்டியே பட்டியலிட்டு நீக்கலாம். இலக்கண நூலில் தனியெழுத்துகள் எடுத்துக்காட்டுகளாகவும் வருவதால், தனியே நிற்கும் எழுத்தையெல்லாம் நீக்கு என்று பொதுவிதி வகுக்க இயலாது.

அடிக்குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கும். சொற்களின் உயரத்தைக் கொண்டு அதைப் பிரிக்கலாம். அதுவே அடுத்த பக்கத்துக்கும் நீளுமானால் கையால்தான் இணைக்கவேண்டும். பத்தி தொடங்கும் இடத்தை முதல் வரியின் உள்தள்ளல் காட்டும். வெற்றுரையில் அது அழிந்துவிடுவதால், இங்கும் `left` அளவே துணை. இங்கும் அண்டை வரிகளோடுதான் ஒப்பீடு. முந்தைய வரி குறையாக முடிந்தால் பத்தி முடிந்தது என்பது பாதி உண்மை. பத்தியின் கடைசி வரி தற்செயலாக முழு நீளத்துக்கு நிறைந்துவிடுவதும் உண்டு. உள்தள்ளலே உறுதியான குறி. வேற்றுமை வாய்பாடு ஒன்று நடுவில் வந்து, அதன் கீழ் உள்தள்ளலின்றி உரை தொடர்ந்தால், அது பழைய பத்தியின் மிச்சம். விதி வாய்பாட்டுக்கு மேலும் அதன் விலக்கு கீழும் இருப்பது இலக்கண நூல்களில் சாதாரணம். அங்கே பத்தியை வெட்டினால், விதியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு விலக்கை வேறொரு கருத்தாக எண்ண நேரும்.

நூலின் இணைப்பாக இருந்த தமிழ்ப் பகுதியிலும் இதையே செய்ய முயன்றபோது, மாணவிக்கு முற்றிலும் வேறான சிக்கல். அங்கே வரியிறுதியில் கோடே இல்லை. பழைய தமிழ் அச்சில் சொல்லை எந்த எழுத்துக்குப் பின்னும் முறித்து, குறி ஏதுமின்றி அடுத்த வரியில் தொடர்ந்திருப்பதைப் பரவலாகக் காணலாம். வரி முறிவை இடைவெளியாக்கினால் 'வேற்று மை' என்று சொல் பிளவுபடும். நீக்கினால் அடுத்தடுத்த சொற்கள் ஒட்டும். பொருள் தெரிந்தவர் கண்ணுக்கு இது பொருட்டில்லை. ஆயினும் 'வந்து' என்று வரி முடிந்து 'விட்டான்' என்று தொடங்கினால், அச்சில் இடைவெளி கருதப்பட்டதா இல்லையா என்பதை மொழியறிவும் கூறாது. இரண்டு வழக்கும் அந்நூலிலேயே இருந்தன. அங்கே அவர் எதையும் தீர்க்கவில்லை. வரி முறிவை அப்படியே பதிந்துவைத்தார்.

ஆங்கிலப் பகுதிக்கும் இறுதியில் அதையே செய்தார். உரைக்குறியீட்டில் வரி முறிவைச் சுட்ட `<lb/>` என்னும் குறி உண்டு. முறிவு ஒரு சொல்லின் உள்ளே விழுந்தால் `<lb break="no"/>`. அதற்கு முன் கோடு நிற்கிறதா இல்லையா என்பது மாணவியின் முடிவு. முறிவு எங்கே என்பது தாளின் செய்தி. இரண்டும் கோப்பில் தனித்தனியே இருப்பதால், நாளை ஒருவர் அவர் முடிவை ஏற்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். தொடர்ந்த உரையை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் உருவாக்கலாம். தொடர்ந்த உரையிலிருந்து வரிகளை மீட்க முடியாது. அவருடைய முதற்கோப்பில் வரிகள் இல்லை. நெறியாளர் கேட்ட பதினான்கு படங்களைத் தேட அவருக்கு ஒரு முழுநாள் ஆனதற்கு அதுவே காரணம்.

திருத்திய இயலில் இப்போது `avan-ukku` பற்றி ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. நூலில் அவ்வடிவம் வரியின் நடுவே ஒருமுறை வருகிறது என்றும், உடுக்குறியிட்ட ஆறு இடங்கள் தீர்க்கப்படாமல் உள்ளன என்றும் அது கூறுகிறது. அதே நூலின் வேறொரு பதிப்பில் வரிகள் வேறிடத்தில் முறிந்திருக்கும் என்பதால், அந்த ஆறனுள் சில அங்கே நடுவரியில் விழக்கூடும். அப்பதிப்பின் பிரதியொன்று சென்னை நூலகம் ஒன்றின் பட்டியலில் காணப்படுகிறது. விடுமுறையில் அங்கே செல்ல மாணவி பயணச்சீட்டு எடுத்திருக்கிறார்.